கால் மணி நேரக் கணக்கு: நாளுக்கு ஒருமுறை ரவுண்ட் செய்தால் போதும்

மணிக்கணக்கில் பில் போடும் ஆலோசகர்கள் கால் மணி நேரத்தை அலகாக வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் எந்த இடத்தில் ரவுண்ட் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்துத் தொகை நிறையவே மாறும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

கட்டணம் மணிக்கு ரூ. 2,400 என்று வைத்துக்கொள்வோம். கால் மணிக்கு 600. ஒரே வாடிக்கையாளருக்காக ஒரே நாளில் 4 நிமிடம் போன், 9 நிமிடம் மெயில், 22 நிமிடம் மீட்டிங், 38 நிமிடம் அறிக்கை திருத்தம். மொத்தம் 73 நிமிடம். ஒவ்வொரு வரியையும் மேல்நோக்கி ரவுண்ட் செய்தால் 15, 15, 30, 45 என்று 105 நிமிடம் ஆகிவிடும், பில் ரூ. 4,200. நாளின் மொத்தத்தை ஒரே முறை ரவுண்ட் செய்தால் 75 நிமிடம், பில் ரூ. 3,000. அந்த 1,200 ரூபாய்க்கு யாரும் வேலை பார்க்கவில்லை. அதற்கு 18% ஜிஎஸ்டி வேறு.

“4 நிமிட போன் என்றாலும் கையிலிருந்த வேலை கெடுகிறதே” என்பார்கள். நியாயம்தான். அப்படியானால் ஒரு நாளுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 15 நிமிடம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். அன்று அந்த போன் மட்டும்தான் என்றால் 600 வாங்கிக்கொள்ளலாம். மற்ற வேலையும் இருந்த நாளில் அந்த 4 நிமிடம் மொத்தத்தில் சேர்ந்துவிடும்.

ஷீட்டில் நேரத்தை நிமிடமாகவே வைத்திருங்கள். முடிந்த நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தைக் கழித்து அப்படியே ரவுண்ட் செய்தால், தசமப் பிழையால் சரியாக 45 நிமிடம்கூடச் சில சமயம் 60 ஆகிவிடும். A-யில் தொடக்கம், B-யில் முடிவு, C-யில் நிமிடம் என்றால் இப்படி எழுதி, C2-ஐ C5 வரை இழுத்துவிடுங்கள்:

```
C2: =ROUND((B2-A2)*1440,0)
C6: =SUM(C2:C5)
D6: =CEILING(C6,15)/60
```

D6-இல் 1.25 வரும். 1 மணி 15 நிமிடத்தை 1.15 என்று எழுதி, தன் காசையே விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பில்லில் ஒவ்வொரு வேலைக்கும் உண்மையான நிமிடத்தைப் போடுங்கள்: 4, 9, 22, 38. அதன் கீழே “அன்றைய மொத்தம் 73 நிமிடம், பில் செய்தது 1.25 மணி”. அடியில் ஒரு வரி: “நாள் மொத்தம் அடுத்த கால் மணிக்கு உயர்த்தப்பட்டுள்ளது.” இவ்வளவு தெரிந்தால் எந்த வாடிக்கையாளரும் தானே கூட்டிப் பார்த்துக்கொள்வார்.

பணம் கொடுப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். பில் முழுக்க 0.25, 0.50 மட்டுமே இருந்து, நிமிடக் கணக்கே இல்லையென்றால் டைம்ஷீட்டைக் கேளுங்கள். அதிலும் ஒரே நாளில் நான்கைந்து 0.25 வரிசையாக இருந்தால், கூச்சப்படாமல் கேளுங்கள்.