போன வருட ரேட்டிங்கைக் கடைசியில் பாருங்கள்

அப்ரைசல் படிவத்தைத் திறந்தால் மேலே பெயர், பதவி, அதற்குப் பக்கத்திலேயே போன வருட ரேட்டிங். பல அலுவலகங்களில் இதுதான் வழக்கம். மேனேஜர் இன்னும் ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டார், அதற்குள் இந்த வருட ரேட்டிங் பாதி முடிவாகிவிடும்.

உளவியலில் இதற்கு ஆங்கரிங் என்று பெயர். முதலில் கண்ணில் படும் எண் நங்கூரம்போல விழுந்துவிடுகிறது. அதன்பின் நாம் போடும் கணக்கெல்லாம் அதைச் சுற்றியே மிதக்கிறது. ட்வெர்ஸ்கி, கானமன் என்ற இரு உளவியலாளர்கள் 1974-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சோதனை வரும். எண்கள் எழுதிய சக்கரம் ஒன்றைச் சுற்றிவிட்டு, ஐ.நா. சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். சக்கரம் 10-இல் நின்றதைப் பார்த்தவர்களின் இடைநிலை விடை 25. 65-இல் நின்றதைப் பார்த்தவர்களுக்கு 45. சக்கரத்துக்கும் ஐ.நா.வுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது எல்லோருக்கும் கண்முன்னே தெரிந்த விஷயம். அப்படிப்பட்ட எண்ணே இந்த வேலையைச் செய்கிறதென்றால், அதே ஆளைப் பற்றி, அதே அளவுகோலில், போன வருடம் நாமே போட்ட எண் என்ன செய்யாது?

"நான் அதையெல்லாம் பார்த்து ஏமாறுகிற ஆள் இல்லை" என்று நினைப்பதில் பயனில்லை. எச்சரிக்கையாக இருங்கள் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தாலும் இந்தச் சாய்வு முழுவதும் போவதில்லை. காரணம், அந்த எண் நம் முடிவை நேராகத் தள்ளுவதில்லை, நம் தேடலைத் திருப்பிவிடுகிறது. படிவத்தில் 4 என்று பார்த்தால் 4-க்குப் பொருந்தும் சம்பவங்கள்தான் முதலில் நினைவுக்கு வரும். அவை உண்மையான சம்பவங்கள் என்பதால் நாம் நியாயமாக நடப்பதாகவே தோன்றும்.

ஓர் உதாரணம். கொள்முதல் பிரிவில் இரண்டு பேர், இருவருக்கும் ஒரே இலக்குகள். ஒப்பந்தங்களைக் காலாவதிக்கு முன் புதுப்பிப்பதற்கு 40 சதவீத எடை, செலவுக் குறைப்புக்கு 30, பில் முரண்பாடுகளைத் தீர்ப்பதற்கு 20, புதியவருக்குப் பயிற்சி கொடுப்பதற்கு 10. போன வருடம் ஒருவருக்கு 4, இன்னொருவருக்கு 3.

இந்த வருடம் ஆளுக்கு 24 ஒப்பந்தங்கள். நான்கு வாங்கியவர் 17-ஐ நேரத்தில் முடித்தார், மூன்று வாங்கியவர் 22-ஐ முடித்தார். படிவத்தைத் திறந்த மேனேஜர் முதலாமவரின் தாமதங்களுக்கு "சப்ளையர்கள் இழுத்தடித்தார்கள்" என்கிறார். இரண்டாமவரின் 22-க்கு "அவருக்கு வந்ததெல்லாம் சுலபமான சப்ளையர்கள்" என்கிறார். முடிவில் மறுபடியும் 4, மறுபடியும் 3. ஒருவரின் குறைக்குச் சூழ்நிலை காரணம், மற்றவரின் நிறைவுக்கும் சூழ்நிலையே காரணம்! ஆங்கரிங் நடந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் கிடைப்பது அரிது.

இப்போது அதே தரவைப் பழைய எண் தெரியாமல் பார்ப்போம். தாமதமான 7 ஒப்பந்தங்களின் கடிதத் தேதிகளை எடுத்துப் பார்த்தால், 5-இல் நம் பக்கத்திலிருந்து முதல் கடிதமே கெடு தாண்டித்தான் போயிருக்கிறது. சப்ளையர் காரணம் இரண்டுக்குத்தான் பொருந்தும். வருடத் தொடக்கத்தில் எழுதி வைத்த அளவுகோலின்படி நான்கு இலக்குகளுக்கும் அவருக்கு வருவது 2, 3, 3, 5. எடையோடு பெருக்கிக் கூட்டினால் 2.8. மற்றவருக்கு 4, 4, 3, 4, கூட்டினால் 3.8. முழு எண்ணாக்கினால் 3, 4. போன வருட வரிசை அப்படியே தலைகீழாகிவிட்டது. முதலாமவர் புதியவருக்குக் கொடுத்த பயிற்சி அருமையானது, அதற்கு 5 நியாயம்தான். ஆனால் அது 10 சதவீத வேலை. நங்கூரத்தோடு பார்க்கும்போது அந்தப் பத்து சதவீதம்தான் மனதில் முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது.

ஆகவே மாற்ற வேண்டியது மேனேஜரின் மனஉறுதியை அல்ல, வேலையின் வரிசையை. முதலில் மனிதவளப் பிரிவு போன வருட ரேட்டிங் இருக்கும் கட்டத்தைப் படிவத்திலிருந்து மறைத்துவிட வேண்டும். மேனேஜர் ஒவ்வொரு இலக்குக்கும் ஆதாரத்தை எழுதட்டும்: என்ன நடந்தது, எப்போது, எங்கே பார்க்கலாம். பிறகு இலக்குவாரியாக எண், பிறகு மொத்தம். அதைப் பூட்டிய பிறகுதான் பழைய ரேட்டிங் திறக்கப்பட வேண்டும். ஊழியரின் சுயமதிப்பீட்டையும் மேனேஜர் எண் போடும்வரை எண் இல்லாமல் வாங்குவது நல்லது, ஏனென்றால் அதுவும் ஒரு நங்கூரம்தான். போன வருட எண் மேனேஜரின் மண்டையிலேயே இருக்கிறதே என்று கேட்பீர்கள். உண்மைதான், அதை மறைக்க முடியாது. அப்போது உதவுவது ஒரே கேள்வி: "போன வருட எண் இந்த வருடத்துக்குப் பொருந்தாது என்பதற்கு என்னென்ன காரணங்கள்?" இரண்டு மூன்றையாவது எழுதிப் பார்க்க வேண்டும். எதிர்த்திசையில் யோசிக்க வைத்தால் ஆங்கரிங் குறையும் என்பது ஆய்வுகளில் கண்டது. குறையும் என்றுதான் சொல்கிறேன், ஒழியும் என்று சொல்லவில்லை.

இதற்கெல்லாம் ஆதாரம் கையில் இருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆளுக்கு மூன்று வரி குறிப்பு போதும். அது இல்லாத மேனேஜருக்கு வருடக் கடைசியில் மிஞ்சுவது கடந்த இரண்டு மாத நினைவும் பழைய எண்ணும் மட்டுமே.

பலர் கவனிக்காத இன்னொரு கோளாறு விதிமுறையிலேயே இருக்கிறது. ரேட்டிங் மாறினால் காரணம் எழுது, மாறாவிட்டால் எழுத வேண்டாம் என்பது பல இடங்களில் நடைமுறை. மேனேஜருக்கு அது சொல்லித்தரும் பாடம், மாற்றாமல் விட்டால் வேலை மிச்சம் என்பது. 4 மறுபடி 4 ஆனாலும் அதே அளவு ஆதாரம் கேளுங்கள்.

எல்லாமே மனச்சாய்வும் இல்லை, சங்கடமும் உண்டு. 4-லிருந்து 3-க்கு இறங்கியதை முகத்துக்கு நேரே சொல்ல யாருக்குத்தான் பிடிக்கும்? வருடம் முழுக்க வாய் திறக்காமல் இருந்துவிட்டுக் கடைசியில் சொன்னால் அது இடியாகத்தான் இறங்கும். மேலே சொன்ன உதாரணத்தில் மூன்றாவது ஒப்பந்தம் தாமதமானபோதே, "இதே போக்கில் போனால் இந்த இலக்கில் 2-தான் வரும்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் மீதி நான்கில் சிலவாவது தப்பியிருக்கும்.

உங்கள் பிரிவில் இது நடக்கிறதா என்று பார்க்க, இரண்டு வருட ரேட்டிங்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருபது பேரில் பதினேழு பேருக்கு ஒரே எண் என்றால் உடனே குற்றம் சாட்ட வேண்டாம். நன்றாக வேலை செய்பவர் அடுத்த வருடமும் நன்றாகச் செய்வது இயல்பு. அந்தப் பதினேழில் வேலையோ இலக்கோ மாறியவர்களை மட்டும் தனியாகப் பிரித்து எடுங்கள். எல்லாம் மாறியும் அவர்களுடைய எண் மட்டும் அசையவில்லை என்றால், அந்தப் படிவங்களைத்தான் முதலில் திரும்பப் படிக்க வேண்டும்.