அனோமி என்றால் சட்டம் இல்லாத நிலையா?

"சோவியத் சரிந்ததும் ரஷ்யாவில் சட்டமும் போலீசும் இல்லாமல் போச்சு, அதனால்தான் கொலை பெருகியது. அனோமின்னா இதுதான்."

இது தவறு. சட்டமும் போலீசும் இருந்தன. எது சரி என்று மக்களிடம் இருந்த பொது அளவுகோல்தான் தளர்ந்தது. அந்தத் தளர்வுதான் அனோமி. பொருளை வாங்கி லாபத்துக்கு விற்பது சோவியத்தில் குற்றம். 1992 தொடக்கத்தில் அதுவே சாதாரணத் தொழில். அப்போதே விலைக்கட்டுப்பாடும் நீங்கியதால், வாழ்நாள் சேமிப்பு சில மாதங்களில் கரைந்தது. ஒழுங்காக உழைத்தவர்தான் ஏமாந்து நின்றார். பழைய விதியை எதற்காக மதிப்பார்? 1991இல் லட்சத்துக்குச் சுமார் 15ஆக இருந்த கொலை விகிதம் 1994க்குள் இரு மடங்கானது. சரி, மதுவுக்கும் இதில் பெரிய பங்குண்டு. அப்புறம், வீழ்ச்சி மட்டுமல்ல, திடீர்ச் செழிப்பும் ஆசையின் வரம்பைக் கலைக்கும் என்றே அனோமியை விளக்கிய பிரெஞ்சு சமூகவியலாளர் துர்கைம் 1897இல் எழுதினார்.