நோட்டீஸில் லீக், மைதானத்தில் நாக் அவுட்

பள்ளி விளையாட்டு விழா நோட்டீஸ் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கபடிக்கு லீக், எறிபந்துக்கு டோர்னமென்ட், ஓட்டத்துக்கு சாம்பியன்ஷிப் என்று காதுக்குக் கெத்தாக இருக்கிற சொல்லாகப் பார்த்துப் போடாதீர்கள். ஐபிஎல் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், லீக் என்றால் ஒரு ஆட்டத்தில் தோற்றாலும் அடுத்த ஆட்டம் உண்டு என்று நம்பித்தான் ஷூவைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள்.

எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அப்படித்தான் நடந்தது. சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நாலு ஹவுஸ், நோட்டீஸில் 'கபடி லீக் போட்டிகள்'. லீக் என்றால் ஒவ்வொரு அணியும் மற்ற மூன்று அணிகளோடும் மோத வேண்டும், மொத்தம் 6 ஆட்டம். நடந்ததோ இரண்டு அரையிறுதி, ஒரு இறுதி, அவ்வளவுதான். அதற்குப் பெயர் நாக் அவுட். களத்தில் 7 பேர், வெளியே மாற்று ஆட்டக்காரர்கள் 5 பேர் என்று ஒரு அணிக்கு 12 பிள்ளைகள். ஆக 24 பிள்ளைகள் ஒரே ஆட்டத்தோடு பந்தலுக்குத் திரும்பிவிட்டார்கள், அதில் பலர் களத்தில் இறங்கவே இல்லை. ஏன் சார் என்று கேட்டால் நேரமில்லை என்று பதில்.

நேரம் இல்லை என்பதும் உண்மைதான். பாதிக்கு 15 நிமிடம், நடுவில் 5 நிமிட இடைவேளை, அடுத்த அணிகள் வந்து நிற்க ஒரு 10 நிமிடம் என்று வைத்தால் ஓர் ஆட்டத்துக்கு முக்கால் மணி நேரம். ஒரே ஆடுகளத்தில் 6 ஆட்டம் என்றால் நாலரை மணி நேரம், இதில் சிறப்பு விருந்தினர் வேறு லேட்டாக வருவார். ஆனால் இந்தக் கணக்கை நோட்டீஸ் அச்சாவதற்கு முன்னால் போட்டிருக்கலாமே. லீக்கை முந்தைய வாரமே மாலை நேரங்களில் நாளுக்கு இரண்டு ஆட்டமாக முடித்துவிட்டு, முதல் இரண்டு இடம் வந்த அணிகளின் இறுதி ஆட்டத்தை மட்டும் விழா அன்று வைக்கலாம். இல்லையென்றால் பாதியை 7 நிமிடமாகக் குறைக்கலாம். அதுவும் முடியாது என்றால் சரி, 'நாக் அவுட் முறை, தோற்றால் வெளியேற வேண்டும்' என்று நேராக எழுதிவிடலாம், யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை.

லீக் என்று போட்டால் இன்னொன்றையும் சேர்த்து எழுதியாக வேண்டும். சிவப்பு நீலத்தை ஜெயிக்கிறது, நீலம் பச்சையை, பச்சை சிவப்பை, மஞ்சள் எல்லோரிடமும் தோற்கிறது. இப்போது மூன்று அணிக்கும் இரண்டிரண்டு வெற்றி, யார் இறுதிக்குப் போவது? எடுத்த புள்ளிகளுக்கும் விட்டுக்கொடுத்த புள்ளிகளுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கலாம், நல்ல வழிதான். ஆனால் அதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். கடைசி ஆட்டம் முடிந்த பிறகு பி.டி. சார் பேப்பரை எடுத்துக் கூட்டிக் கழித்தால், எந்த ஹவுஸ் தோற்றாலும் சார் அந்த ஹவுஸுக்கு எதிரி என்றுதான் பேச்சு வரும்.

டோர்னமென்ட் என்ற சொல் இதில் எதையுமே சொல்வதில்லை. லீக்கும் டோர்னமென்ட்தான், நாக் அவுட்டும் டோர்னமென்ட்தான். மேட்ச் என்பது ஓர் ஆட்டம், 'கிரிக்கெட் மேட்ச் 9 மணி' என்று போட்டால் யாருக்கும் யாருக்கும் என்பதும் அதே வரியில் இருக்க வேண்டும். '100 மீட்டர் மேட்ச்' என்றுகூட ஒரு நோட்டீஸில் பார்த்தேன், சிரிப்புதான் வந்தது. ஓட்டத்துக்கு வேண்டியது தகுதிச் சுற்று எப்போது, இறுதி எப்போது என்ற இரண்டு நேரங்கள்தான்.

சாம்பியன்ஷிப்தான் பெற்றோர்களையே மோதவிடுகிற சொல். 'தனிநபர் சாம்பியன்ஷிப் உண்டு' என்று ஒரு வரி போட்டால் போதாது. பல பள்ளிகளில் முதல் இடத்துக்கு 5, இரண்டாவதுக்கு 3, மூன்றாவதுக்கு 1 என்று புள்ளி போடுவார்கள். 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் முதலாவதாக வந்து நீளம் தாண்டுதலில் மூன்றாவதாக வந்த பிள்ளைக்கு 11. குண்டு எறிதலில் முதலிடம், வட்டு எறிதலிலும் உயரம் தாண்டுதலிலும் இரண்டாமிடம் வாங்கிய பிள்ளைக்கும் அதே 11. முதலிடங்கள் அதிகம் உள்ளவருக்கே பட்டம் என்ற விதி இருந்தால் முதல் பிள்ளைக்கு, இல்லையென்றால் இரண்டு பேருக்கும். தொடர் ஓட்டப் புள்ளி தனிநபர் கணக்கில் சேருமா, ஒருவர் எத்தனை போட்டிகளில் பெயர் கொடுக்கலாம் என்பதையும் எழுத வேண்டும். மூன்றுதான் என்று வரம்பு வைக்காவிட்டால் ஐந்தில் இறங்கி ஐந்திலும் இரண்டாவதாக வருகிற பிள்ளை 15 புள்ளியோடு இந்த இரண்டு பேரையுமே தாண்டிப் போய்விடும். அது சரியா தப்பா என்பது பள்ளியின் விருப்பம், ஆனால் பெயர் கொடுக்கும்போதே பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.