எல்லாவற்றுக்கும் ஃபோமோ என்று பெயர் வைக்காதீர்கள்

மேடையில் ஒருவர் மைக் பிடித்து அறிவுரை சொல்கிற அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், நான் மறுபடி பகிரப் போவதில்லை. "வயநாட்டு நிலச்சரிவு அன்றைக்கு விடிய விடிய செய்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன் சார், நிறுத்தவே முடியலை" என்று ஒரு பெண் எழுந்து சொல்கிறாள். மேடையில் இருந்தவர் ஒரு நொடிகூட யோசிக்காமல் "அதுக்குப் பேர்தாம்மா ஃபோமோ" என்கிறார். கூட்டம் கைதட்டுகிறது.

அது ஃபோமோ இல்லை. ஃபோமோ என்பது மற்றவர்கள் எங்கோ நன்றாக இருக்கிறார்கள், நாம் அங்கே இல்லையே என்கிற தவிப்பு. மண்ணுக்கடியில் ஊர் புதைந்து கிடப்பதைப் பார்த்து எந்தப் பிள்ளைக்காவது "ஐயோ, நான் அங்கே இல்லாமல் போனேனே" என்று தோன்றுமா? கெட்ட செய்தி மேல் கெட்ட செய்தியாக, மனது கனத்துப்போன பிறகும் விரல் மட்டும் கீழே தள்ளிக்கொண்டே இருக்கிறதே, அதுதான் டூம்ஸ்க்ரோலிங். 2020-இல் கொரோனா சாவு எண்ணிக்கையை நாம் எல்லோரும் ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சொல் பரவலானது.

என் அக்கா மகள் கோவையில் ஹாஸ்டலில் இருந்தாள். அதே நிலச்சரிவு, 2024 ஜூலை 30. அவளுக்கு முண்டக்கையிலோ சூரல்மலையிலோ தெரிந்தவர் ஒருவரும் இல்லை. எண்ணிக்கை பத்துகளில் தொடங்கி நூறைத் தாண்டுகிறது, இவள் பார்த்த வீடியோவையே திரும்பப் பார்க்கிறாள், புதிதாக ஒன்றும் வராவிட்டாலும் மேலே இழுத்து ரெஃப்ரெஷ் செய்கிறாள். போனில் பேசும்போது "வேண்டாம்னுதான் தோணுது சித்தி, ஆனா கை நிக்கலை" என்றாள். அது நிற்காது. பக்கத்துக்கு முடிவே இல்லாத மாதிரிதானே அந்த ஆப்களைச் செய்து வைத்திருக்கிறார்கள்.

இதே பெண்தான் இன்னொரு சமயம் அவள் வகுப்புத் தோழிகள் இவளை விட்டுவிட்டு ஊட்டிக்குப் போனபோதும் அழுதாள். அன்றைக்கு அவள் அதிக நேரம் போன் பார்க்கவே இல்லை. நாலைந்து ஸ்டோரி, அவ்வளவுதான், பார்த்து முடித்தாயிற்று. போனை வைத்த பிறகுதான் வலியே ஆரம்பித்தது. யார் பக்கத்தில் யார் நிற்கிறார்கள், தன்னை ஏன் கூப்பிடவில்லை, தான் போகாதது யாருக்காவது தெரிந்ததா என்று. இது ஃபோமோ. அப்போது ஒருத்தி கூப்பிட்டு "அடுத்த பஸ்ஸில் வந்துடுடி" என்று சொல்லியிருந்தால் பாதி சரியாகியிருக்கும். நிலச்சரிவு ராத்திரியை எந்த அழைப்பும் சரிசெய்திருக்காது. வித்தியாசம் பார்க்க இது ஒன்று போதும்.

"ரெண்டும் போன் அடிமைத்தனம்தானே, பேரில் என்ன இருக்கு?" என்று நிச்சயம் ஒருவர் வருவார். ஐயா, ஃபோமோவுக்கு போனே தேவையில்லை. பேட்ரிக் மெக்கின்னிஸ் அந்தச் சொல்லை ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் மாணவர் பத்திரிகையில் எழுதியது 2004-இல். இன்ஸ்டாகிராம் வந்ததே 2010-இல்தான். அவர் எழுதியது, எந்த விருந்தையும் எந்த வாய்ப்பையும் விட மனசில்லாமல் ஓடிக்கொண்டிருந்த தன் சக மாணவர்களைப் பற்றி.

"முக்கியமான அப்டேட்டைத் தவறவிடுவோமோ என்று பார்ப்பதும் ஃபோமோதானே?" என்று கேட்டால், சரி, இது நியாயமான கேள்வி. ஓரளவு கலக்கும். மழை நேரத்தில் ஏரி திறந்தார்களா என்று பார்ப்பது வேறு, தெரிந்துகொண்ட பிறகும் மூன்று மணி நேரம் தொடர்வது வேறு என்று மட்டும் சொல்வேன்.

இப்போது பசங்க சும்மா ரீல்ஸ் பார்ப்பதையும் டூம்ஸ்க்ரோலிங் என்கிறார்கள். பூனை வீடியோவில் என்ன டூம் இருக்கிறது என்று எனக்கு எரிச்சல்தான். ஆனால் அவர்கள் தங்களைத் தாங்களே கிண்டல் செய்துகொள்ளச் சொல்வது அது. மைக் பிடித்து அறிவுரை சொல்கிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஏனென்றால் பேரை மாற்றிச் சொன்னால் மருந்தும் மாறிப்போகும். ராத்திரி செய்தியில் சிக்கிக் கிடக்கிறவளிடம் ஒரு நேரம் குறித்துக்கொள், நம்பகமான ஒரு இடத்தில் மட்டும் பார், அப்புறம் போனை வேறு அறையில் வை என்று சொல்லலாம், பலன் இருக்கும். ஃபோமோவில் இருக்கிறவளிடம் போனைப் பிடுங்கினால், அவளுக்கு மிச்சமிருக்கும் தொடர்பும் போய், என்னவெல்லாம் நடக்கிறதோ என்று இன்னும் மோசமாகக் கற்பனை செய்வாள். அவளுக்கு வேண்டியது பேசுகிற ஆள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். 2016-இல் முதலமைச்சர் ஜெயலலிதா 75 நாள் மருத்துவமனையில் இருந்தபோது, நம் வீட்டுப் பெரியவர்கள் டிவியில் பிரேக்கிங் நியூஸ் முன்னால் விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தார்களே, மாமா சாப்பாட்டுத் தட்டோடு அங்கேயே இருந்தாரே, அதற்கு யாராவது வியாதிப் பெயர் வைத்தார்களா? "நாட்டு நடப்பு தெரிஞ்சிக்கணும்" என்றோம். இருபது வயதுப் பெண் முகம் தெரியாதவர்களின் சாவுக்காகத் தூங்காமல் இருந்தால் மட்டும் கைதட்டிச் சிரிப்போம்.

"அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்" என்று இன்பாக்ஸில் வருகிறீர்கள். இருக்கட்டும். கேட்டவளின் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன பார்த்தாய், ஏன் நிறுத்த முடியவில்லை என்று இரண்டு கேள்வி கேட்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கமென்டில் "எங்க காலத்தில்" என்று ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.