பேதுருவிடம் கேட்ட மூன்று கேள்விகளும் நான்கு கிரேக்கச் சொற்களும்

கிரேக்க மொழியில் அன்புக்கு நான்கு சொற்கள் உண்டு என்பதும், ஈரோஸ் என்றால் காதல், ஸ்டோர்கே என்றால் குடும்பப் பாசம், ஃபிலியா என்றால் நட்பு, அகாப்பே என்றால் எதையும் எதிர்பாராத தெய்வீக அன்பு என்பதும் இன்று பிரசங்க மேடைகளிலும் திருமண வாழ்த்துரைகளிலும் அடிக்கடி கேட்கக் கிடைக்கும் செய்தி. இந்தப் பகுப்பைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் சி. எஸ். லூயிஸ். 1960-இல் வெளிவந்த அவருடைய நூல் இந்த நான்கையும் தனித்தனியாக எடுத்து விளக்கியது. மனித உறவுகளைப் பற்றிச் சிந்திப்பதற்கு அந்தப் பகுப்பு நன்றாகவே பயன்படுகிறது. அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அதை அப்படியே ஒரு சொல்லகராதியாக்கி, கிரேக்க மூலத்தில் இந்தச் சொல் வந்தால் தமிழில் இந்தச் சொல்லைத்தான் போட வேண்டும் என்று விதி வகுக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

புதிய ஏற்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டால், அதில் ஈரோஸ் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. ஸ்டோர்கே தனிச் சொல்லாக வருவதில்லை. வேறு சொற்களோடு கூடியே வருகிறது. ஆகவே மொழிபெயர்ப்பவருக்கு நடைமுறையில் எஞ்சுபவை அகாப்பேயும் ஃபிலியாவும், குறிப்பாக அவற்றின் வினைகளான அகபாவோவும் ஃபிலேயோவும்தான். முதலாவது உயர்ந்த அன்பு, இரண்டாவது அதற்கு ஒரு படி கீழே உள்ள நட்பு என்று சொல்கிறார்கள். அந்தச் சொற்கள் வருகிற இடங்களை வரிசையாக வாசித்துப் பார்த்தால் இந்தப் படிநிலை நிற்பதில்லை.

பழைய ஏற்பாட்டின் பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில், இரண்டாம் சாமுவேல் 13-ஆம் அதிகாரத்தில், தாவீதின் மகன் அம்னோன் தன் சகோதரி தாமாரின்மேல் கொண்ட மோகத்தைச் சொல்வதற்கு வருகிற வினை அகபாவோ. அவளைக் கெடுத்த பிறகு அவன் அவளை வெறுத்த வெறுப்பு, முன்பு கொண்டிருந்த விருப்பத்தைவிடப் பெரிதாயிருந்தது என்ற வாக்கியத்தில் அந்த விருப்பத்துக்கு வருகிற பெயர்ச்சொல் அகாப்பேயேதான். புதிய ஏற்பாட்டிலும் தேமா என்பவன் பவுலைக் கைவிட்டுப் போனதற்குச் சொல்லப்படும் காரணம், இவ்வுலகத்தின்மேல் அவனுக்கிருந்த அகபாவோ. 19-ஆம் நூற்றாண்டில் ஹென்றி பவர் தலைமையிலான குழு திருத்தியமைத்து, இன்றும் சீர்திருத்தச் சபைகளில் பரவலாக வாசிக்கப்படும் தமிழ் வேதாகமம் அந்த இடத்தில் ‘தேமா இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்து’ என்கிறது. ‘அன்புகூர்ந்து’ என்று எழுதியிருந்தால் வாக்கியம் கெட்டுப்போயிருக்கும். சொல்லைப் பார்க்காமல், அது யாரிடமிருந்து எதை நோக்கிப் போகிறது என்று பார்த்ததால் அவர்களுக்கு ‘ஆசை’ கிடைத்தது.

வேறுபாடே இல்லை என்று இதை வைத்து நான் வாதிடவில்லை. இரண்டு வினைகளும் பொருளில் பெரும்பகுதி ஒன்றன்மேல் ஒன்று கவிந்து கிடக்கின்றன, ஓரங்களில் பிரிகின்றன. எடுத்துக்காட்டாக, ஃபிலேயோவுக்கு முத்தமிடுதல் என்ற பொருளும் உண்டு. யூதாஸ் காட்டிக்கொடுக்கும் அடையாளமாக ‘நான் எவனை முத்தஞ்செய்வேனோ’ என்று சொல்லும் இடத்தில் மூலத்தில் இருப்பது இந்த வினைதான். அகபாவோவுக்கு அந்தப் பொருள் கிடையாது.

இனி, இந்த விவாதத்தில் எல்லோரும் எடுத்துக்காட்டும் இடமான யோவான் 21-ஆம் அதிகாரத்துக்கு வருவோம். உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் பேதுருவிடம் மூன்று முறை கேட்கிறார். முதல் இரண்டு கேள்விகளிலும் வினை அகபாவோ. மூன்றாவது கேள்வியில் ஃபிலேயோ. பேதுருவின் மூன்று பதில்களிலும் ஃபிலேயோதான். மேடை விளக்கம் இப்படிப் போகும்: இயேசு உயர்ந்த அன்பைக் கேட்டார், மூன்று முறை மறுதலித்த பேதுருவுக்கு அதைச் சொல்லத் துணிவில்லை, ஆகவே நட்பை மட்டும் சொன்னார், கடைசியில் இயேசு அவருடைய நிலைக்கு இறங்கி வந்து ‘நட்பாவது உண்டா’ என்று கேட்டார், அதனால்தான் பேதுரு துக்கப்பட்டார்.

கேட்க உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வாக்கியங்கள் அதற்கு இடம் தருவதில்லை. உயர்ந்ததைக் கேட்டவரிடம் தாழ்ந்ததைச் சொல்லப் போகிறவர் ‘ஆம் ஆண்டவரே’ என்று பதிலைத் தொடங்க மாட்டார். பேதுரு முதல் இரண்டு முறையும் ‘ஆம்’ என்றே தொடங்குகிறார். அவருடைய துக்கத்துக்குக் காரணமாக யோவான் எழுதுவது, மூன்றாம் முறை கேட்டார் என்பது. மறுதலித்ததும் மூன்று முறை என்பதை வாசகர் மறந்திருக்க வழியில்லை. அதே உரையாடலில் ஆட்டுக்குட்டிகள் என்றும் ஆடுகள் என்றும், மேய்த்தலுக்கு இரண்டு வினைகள், அறிதலுக்கு இரண்டு வினைகள் என்றும் சொற்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. அறிதலுக்கு வந்த இரண்டு வினைகளையும் உயர்ந்த அறிவு, தாழ்ந்த அறிவு என்று பிரித்துப் பிரசங்கித்தவரை நான் இதுவரை கேட்டதில்லை. மேலும், பிதா குமாரனிடத்தில் அன்பாயிருக்கிறார் என்று இதே சுவிசேஷம் இரண்டு இடங்களில் சொல்கிறது: 3-ஆம் அதிகாரம் 35-ஆம் வசனத்தில் அகபாவோ, 5-ஆம் அதிகாரம் 20-ஆம் வசனத்தில் ஃபிலேயோ. பிதாவின் அன்பு இடையில் ஒரு படி இறங்கிவிட்டது என்று யாரும் சொல்லத் துணிய மாட்டார்கள்.

அப்படியானால் இந்த மூன்று கேள்விகளையும் எப்படி மொழிபெயர்ப்பது? முன்னுதாரணங்கள் பல வகையாக இருக்கின்றன. பண்டைய லத்தீன் மொழிபெயர்ப்பான வுல்காத்தா, திலிகேரே, அமாரே என்ற இரு வினைகளைக் கொண்டு மூலத்தின் மாற்றத்தை அப்படியே காட்டியது. 1611-இன் ஆங்கில வேதாகமம் எல்லா இடத்திலும் ஒரே வினையைப் போட்டது. புகழ்பெற்ற நவீன ஆங்கிலப் பதிப்பு ஒன்று, முதலில் அகபாவோவுக்கு மட்டும் ‘உண்மையாகவே’ என்ற அடையைச் சேர்த்திருந்தது. 2011-இல் திருத்தியபோது அந்த அடையை நீக்கிவிட்டது. நீக்கியது சரி என்பதே என் கருத்து. ‘உண்மையாகவே’ என்று ஓரிடத்தில் எழுதினால், மற்ற இடத்தில் இருப்பது உண்மைக் குறைவானது என்று ஆகிவிடும். மூலத்தில் இல்லாத தீர்ப்பை மொழிபெயர்ப்பு வழங்கிவிடும்.

பவர் குழுவின் பழைய தமிழ் வேதாகமம் செய்திருப்பது இதைவிட நுட்பமானது. முதல் இரண்டு கேள்விகள்: ‘நீ என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா’. பேதுருவின் பதில்: ‘உம்மை நேசிக்கிறேன் என்பதை நீர் அறிவீர்’. மூன்றாவது கேள்வி: ‘நீ என்னை நேசிக்கிறாயா’. சொல் மாறுகிறது என்பது தமிழ்ச் செவிக்குக் கேட்டுவிடுகிறது. ஆனால் நேசம் அன்பைவிடத் தாழ்ந்தது என்ற எண்ணம் தமிழில் இல்லை. உன்னதப்பாட்டில் ‘நேசம் மரணத்தைப்போல வலிது’ என்று வருவதும் இதே வேதாகமத்தில்தான். ஆகவே மாற்றத்தைக் காணும் வாசகர் அதற்குப் பொருள் தேடலாம், தேடாமலும் போகலாம். இரண்டு வழிகளையும் திறந்துவைத்த இந்தத் தேர்வை மாற்றாமல் விடுவதே நல்லது என்பேன். புதிதாகச் செய்கிறவர்கள் ஃபிலேயோவுக்கு ‘நட்பு’ என்று போட்டு, ‘உம்மோடு நட்பாயிருக்கிறேன்’ என்று பேதுருவைப் பேச வைத்தால், ஒரு சீடன் தன் ஆண்டவரிடம் பேசும் முறை போய்விடும்.

இதே பழைய பதிப்பு மலைப்பிரசங்கத்தில் ‘உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்’ என்கிறது. மூலத்தில் இருப்பது அகபாவோ. பகுப்பை விதியாகக் கொண்டவர்கள், இங்கே ஃபிலியாவுக்குரிய சொல்லைப் போட்டுவிட்டார்கள் என்று குறை சொல்வார்கள். என் குறை வேறு. இன்றைய தமிழில் சிநேகம் என்றால் நட்பு. எதிரியோடு நட்புப் பாராட்ட வேண்டும் என்ற கட்டளையாக இது காதில் விழுகிறது. அடுத்து வரும் வரிகளோ ஆசீர்வதிப்பது, நன்மை செய்வது, ஜெபிப்பது என்று செயல்களையே அடுக்குகின்றன. எதிராளி நட்பை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் இவற்றைச் செய்ய முடியும். அகபாவோ ஒரு கட்டளை வினையாக நிற்க முடிவதும், அது உணர்ச்சியைவிட முடிவைச் சார்ந்து நிற்கும் இத்தகைய இடங்களில்தான்.

தமிழில் ‘அன்பு’ என்பதிலிருந்து இன்று இயல்பாக ஒரு வினை பிறப்பதில்லை. துணைவினை ஒன்றைத் தேட வேண்டியிருக்கிறது, தேர்வு நடப்பதும் அங்கேதான். அன்பாயிருத்தல் ஒரு நிலை. அன்பு காட்டுதலில் வெளித்தோற்றம் முன்னால் வந்துவிடுகிறது. உள்ளே இல்லாமலும் காட்டலாம். அன்புகூர்தல் மிகுதியைச் சொல்கிறது. ஆனால் வேதாகமத்துக்கு வெளியே அதைக் கேட்பது அரிது. அன்பு செலுத்துதல், ஒருவரை நோக்கி வேண்டுமென்றே அனுப்பும் செயல். ஆகவே சத்துருக்கள் வாக்கியத்துக்கு ‘உங்கள் பகைவரிடம் அன்பு செலுத்துங்கள்’ என்பது பொருந்துகிறது. அதே ‘செலுத்து’ பேதுருவின் வாயில் வந்தால், வரி செலுத்துவதுபோல் ஒலிக்கும்.

இங்கே தமிழ் மரபு ஒரு கேள்வியை எழுப்புகிறது. அன்புடைமை தொடர்புடையவர்களிடம் கொள்வது என்றும், அருள் தொடர்பு பற்றாமல் எல்லா உயிர்கள்மேலும் செல்வது என்றும் பரிமேலழகர் பிரிக்கிறார். ‘அருளென்னும் அன்பீன் குழவி’ என்று குறளும் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறப்பதாகச் சொல்கிறது. அந்த அளவுகோலின்படி பகைவரிடம் கொள்வது அருள்தான். அகாப்பேக்கு அதை ஏன் போடக்கூடாது? அருள் மேலிருந்து கீழே பாய்வது. ‘ஒருவரிலொருவர்’ என்ற சொல்லோடு அது சேராது. மனிதன் கடவுளிடம் அருள்கொள்ள முடியாது. ஆனால் அகபாவோ இரு பக்கமும் போகிறது. இந்தக் காரணத்தால் ‘அன்பு’ என்பதே நிலைக்க வேண்டியதாகிறது.

வேறுபாட்டைக் கட்டாயம் காக்க வேண்டிய இடங்களும் உண்டு. ஒரே வாக்கியத்தில் இரண்டு சொற்களும் அருகருகே நிற்கும் இடங்கள் அவை. இரண்டாம் பேதுரு முதல் அதிகாரத்தில் சகோதரர்மேல் கொள்ளும் அன்பான ஃபிலதெல்ஃபியாவோடு அகாப்பேயைக் கூட்டச் சொல்கிறார் ஆசிரியர். இரண்டுக்கும் ‘அன்பு’ என்றே போட்டால் ‘அன்போடே அன்பையும்’ என்று வந்து நகைப்புக்கிடமாகும். ‘சகோதர சிநேகத்தோடே அன்பையும்’ என்ற பழைய வடிவம் இங்கே கச்சிதம்.

ஸ்டோர்கேக்கு வந்தால், ரோமர் முதல் அதிகாரத்துத் தீமைப் பட்டியலில் அதன் எதிர்மறையான அஸ்தோர்கோஸ் என்ற சொல் வருகிறது. பழைய பதிப்பு அதை ‘சுபாவ அன்பில்லாதவர்கள்’ என்கிறது. பிறப்போடு வரும் அன்பு என்ற விளக்கமாக அது சரி. ஆனால் தாயைப் புறக்கணித்தவனைப் பற்றி ஊரில் யாரும் ‘சுபாவ அன்பில்லாதவன்’ என்று சொல்வதில்லை, ‘பாசமில்லாதவன்’ என்றே சொல்கிறார்கள். சைவ சித்தாந்தத்தில் பாசம் என்பது உயிரைக் கட்டும் தளை. அந்தச் சாயல் வேண்டாம் என்று பழையவர்கள் ஒதுங்கியிருக்கவும் கூடும். இன்றைய வாசகரின் காதில் அந்தச் சாயல் பெரும்பாலும் விழுவதில்லை. புதிய பதிப்பில் ‘பாசமற்றவர்கள்’ என்று எழுதத் தயங்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். சித்தாந்தம் பயின்ற நண்பர்கள் மறுத்தால் கேட்டுக்கொள்கிறேன்.