செத்துப்போன தாத்தாவுக்கு வந்த தீபாவளி வாழ்த்து

போன தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது. அம்மா முன்பு கடன் வாங்கி அடைத்த ஒரு சங்கம் அனுப்பியது. தடித்த தாள், மேலே குத்துவிளக்கு. உள்ளே, "அன்பிற்குரிய திரு. முனியாண்டி அவர்களுக்கு."

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் படித்தார். "எங்கப்பா செத்து முப்பது வருசமாச்சு. இப்பதான் ஞாபகம் வந்துச்சாக்கும்" என்று சொல்லிவிட்டு முறுக்கு பிழியப் போய்விட்டார்.

இது எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியும். சுங்கை சிப்புட்டில் எங்கள் கோயில் நிர்வாகத்துக்கு வாழ்த்து அனுப்புகிறவன் நான்தான். முதல் வருடம் நானும் இதே கூத்தை அடித்திருக்கிறேன். அம்மாவின் ஐசியில் LETCHUMY A/P MUNIANDY என்று இருக்கும் (பெயர்களை மாற்றியிருக்கிறேன்). அந்தப் பட்டியலை எக்செல்லில் போட்டு, கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர் என்று எடுத்தால் வருவது அப்பா பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? மகன், மகள் என்று காட்டும் A/L, A/P என்பதற்கு முன்னால் இருப்பதுதான் ஆளின் பெயர். A/P இருந்தால் பெண் என்றும் தெரிந்துவிடும், 'திரு' போட வேண்டியதில்லை. இப்போது நான் போடும் சூத்திரம் இது:

```
=LEFT(A2,SEARCH(" A/? ",A2&" A/L ")-1)
```

கேள்விக்குறி L, P இரண்டையும் பிடித்துக்கொள்ளும். இரண்டுமே இல்லாத பெயர் முழுசாக அப்படியே வரும். பழைய பத்திரங்களில் உள்ள S/O, D/O இதில் சிக்காது. அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

சரி, பெயர் கிடைத்துவிட்டது. அதைத் தமிழில் எழுதும்போது இன்னொரு பள்ளம். LETCHUMY என்பது யாரோ ஒரு கிராணி காதில் விழுந்தபடி பதிந்தது. அதைப் பார்த்து 'லெட்சுமி' என்று எழுதினால், 'இலட்சுமி' என்று கையெழுத்துப் போடுகிற அம்மாவுக்கு அது வேறு யாரோ. இதற்குச் சூத்திரம் கிடையாது. திருவிழா ரசீதில் அவர்களே எழுதிய எழுத்தைப் பார்த்து, பட்டியலில் தனிக் கட்டத்தில் குறித்துக்கொள்கிறேன். எண்பது குடும்பத்துக்கு இரண்டு சாயங்காலம் பிடித்தது.

பொது வாழ்த்தே போலி என்று சிலர் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. கோயில் வாசலில் 'அனைவருக்கும் தீபாவளி வாழ்த்துகள்' என்று பேனர் கட்டினால் யாரும் கோபிப்பதில்லை. அது ஊருக்குச் சொன்னது என்று எல்லாருக்கும் தெரியும். எரிச்சல் வருவது, ஊருக்குச் சொன்னதை உனக்கு மட்டும் சொன்னது போலக் காட்டும்போதுதான். வாட்சாப்பில் ஒரு படம் வருகிறது, "என் இதயத்தில் தனியிடம் பிடித்த உங்களுக்கு" என்று. மேலே இரட்டை அம்புக்குறி. ஐந்து கை மாறி வந்த சரக்கு என்று வாட்சாப்பே காட்டிக்கொடுக்கிறது! மனைவியை இழந்து முதல் தீபாவளியைக் கடக்கிறவருக்கு "நீங்களும் உங்கள் துணைவியாரும்" என்று போய்ச் சேர்வதும் இந்த வகைதான். அனுப்புவதற்குமுன் பட்டியலை ஒருமுறை பார்த்து அந்த வருடம் துக்கம் நடந்த வீடுகளை எடுத்துவிட்டு, அவர்களுக்கு நேரில் போய்விடுவது மேல்.

அப்புறம் இந்தப் பொத்தாம்பொதுவான புகழ்ச்சி. எங்கள் தமிழ்ப்பள்ளி வாசலைக் காத்த ஜாகா ஓய்வு பெற்றபோது வாசிக்க ஒரு வாழ்த்துமடல் தயாரானது. "தன்னலமற்ற சேவையாளர், நல்லுள்ளம் படைத்தவர், பள்ளியின் வளர்ச்சிக்கு அரும்பாடு பட்டவர்." எழுதியவர், முந்தின வருடம் ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியையின் மடலை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருந்தார். மூன்றாம் பத்தியில் மாற்ற மறந்துவிட்டார், "அம்மையார்" என்று அப்படியே இருந்தது. நல்லவேளை, முந்தின நாளே கண்ணில் பட்டது. திருத்தும்போதுதான் கவனித்தேன்: அந்த ஒரு சொல்லைத் தவிர மற்றதெல்லாம் ஜாகாவுக்கும் பொருந்தியது, ஆசிரியைக்கும் பொருந்தியது, தேடினால் எனக்கே பொருந்தும்.

அதனால் அவரைப் பற்றி ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கேட்டேன். அரை மணி நேரத்தில் இவ்வளவு கிடைத்தது: மழை பெய்தால் நீலக் குடையோடு நடு ரோட்டில் நின்று லாரியை நிறுத்துவார், கூட்டிப்போக ஆள் வராத பிள்ளைகளை மூன்று மணி வரை தன் கொட்டாயில் உட்காரவைத்துக்கொள்வார், அவர்களுடைய அப்பா அம்மாவின் போன் நம்பரெல்லாம் கொட்டாய்ச் சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். மடலில் பாதியை வெட்டிவிட்டு இந்த மூன்றையும் போட்டோம்.

விழாவில் "தன்னலமற்ற சேவையாளர்" என்றபோது அவர் மரியாதைக்குத் தலையாட்டினார். நீலக் குடை வந்ததும் நிமிர்ந்து, பக்கத்தில் இருந்தவரிடம் கேட்கும்படியே சொன்னார்: "அந்தக் கொடை இன்னும் கொட்டாயிலதான் மாட்டிக் கெடக்கு. எடுக்க மறந்துட்டேன்."