லிங்க்ட்இன் பெருமைப் பதிவும் அதைப் பகடி செய்யும் முறையும்

லிங்க்ட்இன்னில் எல்லோரும் ஒரே மாதிரி எழுதுகிறார்களே என்று பலரும் எரிச்சல்படுகிறார்கள். அதற்குப் பாதிக் காரணம் அந்தத் தளத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒரு பதிவின் முதல் இரண்டு மூன்று வரிகள்தான் கண்ணில் படும். மீதியைப் படிக்க "மேலும்" என்பதை அழுத்த வேண்டும். ஒரு பதிவில் வாசகர் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதையும் கணக்கில் எடுத்துத்தான் அதை எத்தனை பேருக்குக் காட்டுவது என்று முடிவு செய்கிறோம் என்று அந்நிறுவனமே 2020-இல் விளக்கியது. ஆக முதல் வரி அழுத்த வைக்க வேண்டும், அடுத்தடுத்த வரிகள் கீழே இழுத்துக்கொண்டே போக வேண்டும். வரிக்கு வரி இடைவெளி விடும் பழக்கம் இதற்குத் தோதானது. ஆங்கிலத்தில் இதற்கு, 'புரோ'வோடு கவிதை என்று பொருள்படும் 'பொயெட்ரி'யைச் சேர்த்து, 'புரோயெட்ரி' என்று 2017 வாக்கிலேயே ஒரு கேலிப் பெயர் வந்துவிட்டது.

ஒரு சாதாரணச் செய்தியை எடுத்துக்கொள்வோம்: "ஏப்ரலிலிருந்து எங்கள் பிரிவுக்கு நான் மேலாளர்." ஒரே வரி. அந்த அச்சில் வார்த்தால் இப்படி வரும்:

இன்று காலை அழுதேன்.

எல்லோர் முன்னாலும்.

அடக்க முடியவில்லை.

ஐந்து வருடம் முன்பு "உன்னால் முடியாது" என்றார்கள்.

இன்று பிரிவு முழுவதும் என் பொறுப்பில்.

இதற்கு எனக்குத் தகுதி இருக்கிறதா, தெரியவில்லை.

தலைமை என்பது பதவி அல்ல. நன்றி.

ஒப்புக்கொள்கிறீர்களா?

முதல் மூன்று வரியில் செய்தியே இல்லை, அழுகை மட்டும்தான். துக்கமா சந்தோஷமா என்று தெரியாமல் நாம் அழுத்துகிறோம். "முடியாது" என்று சொன்னவர் யார் என்பது வரவே வராது, வந்தால் அவர் பதில் சொல்லிவிடுவார். பதவி உயர்வு ஐந்தாவது வரியில் போகிறபோக்கில் வருகிறது, அடுத்த வரியிலேயே தன்னடக்கம் அதை மூடிவிடுகிறது. கடைசிக் கேள்வி கருத்துப் பெட்டியை நிரப்புவதற்கு.

இதில் எனக்கு உண்மையிலேயே உறுத்துவது அந்த ஆறாவது வரிதான். ஓவுல் செசரும் உடன் ஆய்வாளர்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. அடக்கத்திலோ புலம்பலிலோ பொதிந்து பெருமை பேசுகிறவரைவிட, நேராகப் பெருமை பேசுகிறவரையே மக்களுக்குப் பிடித்திருந்தது. வெறுமனே புலம்புகிறவர்கூட அப்படிப் பொதிந்து பேசுகிறவரைவிடத் தேவலை. மூடி மறைப்பது தெரிந்துவிடுகிறது, தெரிந்ததும் ஆள் பொய்யாகத் தோன்றுகிறார். மேலாளர் ஆனால் "மேலாளர் ஆகிவிட்டேன், மகிழ்ச்சி" என்று எழுதுங்கள், நாங்கள் மனதார வாழ்த்துவோம்.

இனி பகடி. நல்ல பகடி அச்சை அப்படியே வைத்துக்கொண்டு ஒரே ஒரு பொருளை மாற்றும்:

இன்று காலை அழுதேன்.

எல்லோர் முன்னாலும்.

அடக்க முடியவில்லை.

அரைக் கிலோ சின்ன வெங்காயம்.

ஐந்து வருடம் முன்பு "உனக்குச் சாம்பார் வராது" என்றார்கள்.

இன்று அடுப்படி முழுவதும் என் பொறுப்பில்.

தலைமை என்பது சாம்பார் அல்ல. நன்றி.

ஒப்புக்கொள்கிறீர்களா?

முதல் மூன்று வரியில் கை வைக்கவே இல்லை என்பதைப் பாருங்கள். வெங்காயம் "மேலும்" என்பதற்குக் கீழே இருக்கிறது, வாசகர் அழுத்திய பிறகுதான் தெரியும். அதற்குப் பிறகும் குரல் மாறவில்லை, அதே விறைப்போடு பாடம் சொல்லி முடிகிறது. பெரும்பாலான பகடிகள் சொதப்புவது இங்கேதான். முதல் வரியிலேயே வெங்காயத்தைக் காட்டிவிடுவார்கள், பிறகு போதவில்லை என்று பூனை, வேற்றுகிரகவாசி, விருது என்று ஏற்றுவார்கள், கடைசியில் சிரிப்பு முகமும் வைப்பார்கள். மிகைப்படுத்த வேண்டிய அவசியமே இல்லை. அசல் பதிவுகளே மிகைதான். அந்தச் சின்ன நிகழ்வுக்கும் பெரிய பாடத்துக்கும் உள்ள தூரம் போதும்.

சரியாக அமைந்த பகடிக்கு ஓர் ஆபத்து உண்டு: "அருமையான சிந்தனை" என்று நிஜமாகவே கருத்துகள் வரும். வந்தால் பதிவைத் திருத்த வேண்டாம். ஒருவர் ஏமாந்து வாழ்த்தினால் அவரை மட்டும் மாட்டிவிடாதீர்கள்.

ஒரு விஷயத்தில் நான் கறார். 2022 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒரு சிறு நிறுவனத்தின் தலைவர், ஊழியர்களை வேலையிலிருந்து நிறுத்திவிட்டுத் தான் அழும் படத்தை லிங்க்ட்இன்னில் போட்டார். உலகமே பகடி செய்தது, அது நியாயம். வேலை போனது வேறு யாருக்கோ, அழுகைப் படம் அவருடையது. ஆனால் வேலை போனவர் இதே அச்சில் "கற்றுக்கொண்டேன், நன்றி" என்று எழுதினால் அதைத் திரைப்பிடிப்பு எடுத்துச் சுற்றவிடுவது அநியாயம். வேலை தேடும் இடத்தில் புலம்பினால் வேலை கிடைக்காது என்ற பயத்தில்தான் அவர் அப்படி எழுதுகிறார். வரிகளின் அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் சொந்த வெங்காயத்தைப் போடுங்கள். அவர் பெயரும் முகமும் எதற்கு?